நான் பேசுவது எப்படி இருக்கிறது என்று நண்பனிடம் கேட்பது எப்படி?

“வயது 36. எட்டுப் பேருக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். இந்த முறை அப்ரைசலில், ‘கூட்டங்களில் மற்றவர்களுக்குப் பேச இடம் தருவதில்லை’ என்று மேலாளர் எழுதிவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. எல்லாரையும் கேட்டுத்தான் முடிவெடுக்கிறேன். பாலிடெக்னிக்கில் சேர்ந்து படித்த நண்பன் ஒருவன் இருக்கிறான். எங்கள் வட்டாரச் சமூக மன்ற நற்பணிக் குழுவிலும் இருவரும் இருக்கிறோம். அவனிடம் கேட்கலாமா? எப்படிக் கேட்பது? அவன் ஏதாவது சொல்லி எனக்குக் கோபம் வந்துவிட்டால்?”

கேட்கலாம். அவன் நெருங்கியவன் என்பதைவிட, நற்பணிக் குழுக் கூட்டத்தில் உங்களோடு உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் இதில் முக்கியம். பலர் இங்கேயே தவறிவிடுகிறார்கள். பாசம் எவ்வளவு என்று பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஆள் தங்களை எங்கே, எந்த வேலையில் பார்த்திருக்கிறார் என்று யோசிப்பதில்லை. காப்பிக்கடையில் உங்களோடு இருபது வருடம் உட்கார்ந்து அரட்டை அடித்தவருக்கு, காப்பிக்கடையில் நீங்கள் எப்படி என்பது மட்டும்தான் தெரியும். அங்கே யாரும் யாருக்கும் மேலாளர் இல்லை, முடிவெடுக்க எதுவும் இல்லை. உங்கள் மேலாளர் எழுதியிருப்பதோ கூட்டத்தைப் பற்றி. நான்கைந்து பேர், ஒரு நிகழ்ச்சி நிரல், முடிக்க வேண்டிய நேரம், முடிவு சொல்லும் இடத்தில் நீங்கள். உங்கள் நற்பணிக் குழுவில் இத்தனையும் இருக்கிறது. அவன் அதைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறான்.

“எனக்கு அப்படித் தோன்றவே இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நம்புகிறேன். பேசும்போது உங்களுக்கு உங்கள் நோக்கம் கேட்கிறது. எதிரில் இருப்பவருக்குக் குரலும் முகமும் நேரமும் மட்டுமே கிடைக்கின்றன. எலிசபெத் நியூட்டன் 1990இல் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் பட்டத்துக்காகச் செய்த சோதனை இதை அழகாகக் காட்டும். சிலரை எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளின் தாளத்தை மேசையில் விரலால் தட்டச் சொன்னார். வேறு சிலர் கேட்டு, என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பாட்டையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். கண்டுபிடிக்கப்பட்டவை 120இல் மூன்று. தட்டியவர் காதில் பாட்டு முழுதாக ஓடிக்கொண்டிருந்தது, கேட்டவருக்கு வெறும் டக் டக். “எல்லாரையும் கேட்டுத்தான் முடிவெடுக்கிறேன்” என்று உங்களுக்குள் ஓடும் பாட்டும் உண்மைதான். வெளியே என்ன சத்தம் வருகிறது என்பதைத்தான் நண்பனிடம் கேட்கப் போகிறீர்கள்.

அவனால் சொல்ல முடியாததும் உண்டு. சிமின் வசீர் என்ற உளவியலாளர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும், அவருடைய நண்பர்களுக்கு என்ன தெரியும் என்று ஒப்பிட்டது. பதற்றம், தன்னம்பிக்கைக் குறைவு போன்ற உள்ளுக்குள் நடப்பவற்றை அவரவரே சரியாகச் சொன்னார்கள். அறிவு, கற்பனைத் திறன் போல நல்லது கெட்டது என்று மதிப்புப் போடும் குணங்களை நண்பர்கள் சரியாகச் சொன்னார்கள், ஏனென்றால் அவற்றில் நம் கண்ணை நம் தன்மானம் மறைத்துவிடுகிறது. ஆகவே “நான் ஏன்டா இப்படி இருக்கேன்?” என்று அவனிடம் கேட்காதீர்கள். அவன் ஊகிப்பான், ஊகம் சண்டையில் போய் முடியும். அவன் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் கேளுங்கள்.

அவனை உறுதி செய்வதற்கு முன் இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். ஒன்று, இதுவரை எதிலாவது உங்களுக்கு மறுப்புச் சொல்லியிருக்கிறானா? சின்ன விஷயமாக இருந்தாலும் போதும். பத்து வருடத்தில் ஒருமுறைகூட “இல்லடா, இது சரியில்ல” என்று சொல்லாதவன் இப்போதும் சொல்லப் போவதில்லை. இரண்டு, உங்களுக்கு இடையே கடனோ சிபாரிசோ நிலுவையில் இருக்கிறதா? அவனுக்கு உங்கள் கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தால், அல்லது அவன் உங்களிடம் பணம் வாங்கியிருந்தால், நல்லவனாகவே இருந்தாலும் வாய் திறக்க மாட்டான். மனைவியிடம் கேட்பதை நான் இந்த வேலைக்குப் பரிந்துரைப்பதில்லை. அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அதோடு கூடவே வீட்டுக் கணக்கும் வந்துவிடும், உங்கள் காதில் கணக்கு மட்டும்தான் விழும். உங்கள் குழுவில் வேலை செய்யும் எட்டுப் பேரில் ஒருவரிடம் கேட்பது அதைவிட மோசம். அவருடைய அடுத்த அப்ரைசலை எழுதப் போவது நீங்கள்.

இனிக் கேட்கும் விதம். “நான் ரொம்பக் கடுமையா பேசறேனா?” என்று கேட்டால், “சேச்சே, அதெல்லாம் இல்லடா” என்றுதான் பதில் வரும். அவன் பொய் சொல்கிறான் என்று அர்த்தம் இல்லை. கெட்ட செய்தியைச் சம்பந்தப்பட்டவரிடமே சொல்ல மனிதர்கள் தயங்குவதை ரோசன், டெஸ்ஸர் என்ற இருவர் 1970இலேயே சோதனை செய்து காட்டினார்கள். கேட்பவர் கண்கலங்குவாரோ, தம்மை வெறுப்பாரோ என்ற கவலை முந்திக்கொள்கிறது. ஆம், இல்லை என்று முடியும் கேள்வி அந்தத் தயக்கத்துக்கு வசதியான வாசலைத் திறந்துவிடுகிறது. “மனசுல பட்டத அப்படியே சொல்லு” என்பதும் உதவாது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அவன் பொதுவாக ஏதாவது சொல்வான். “நீ நல்லவன்தான், கொஞ்சம் டென்ஷன் பார்ட்டி” என்று. இதை வைத்து நீங்கள் என்ன செய்ய முடியும்?

கேள்வியை ஒரு இடம், ஒரு நடத்தை, அடுத்த முறை மாற்ற ஒரு விஷயம் என்று குறுக்கிவிடுங்கள். முன்கூட்டியே கேளுங்கள், உடனே பதில் கேட்காதீர்கள். வாட்ஸ்ஆப்பில் தனியாக இப்படி அனுப்பலாம்:

“டேய், ஒரு உதவி. அடுத்த ரெண்டு கமிட்டி மீட்டிங்ல ஏதாவது ஒண்ணுல நான் பேசறதக் கொஞ்சம் கவனிச்சுப் பாக்கறியா? எதுலன்னு எங்கிட்ட சொல்லாத. நான் பேசறப்போ மத்தவங்க என்ன பண்றாங்கன்னு முக்கியமா பாரு. முடிஞ்சதும் ஒரு நாள் நடக்கப் போவோம், அப்ப சொல்லு. அடுத்த மீட்டிங்ல நான் மாத்திக்கிற மாதிரி ஒரு விஷயமாவது வேணும். பாராட்டுக்காகக் கேக்கல.”

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. எந்தக் கூட்டம் என்று தெரிந்தால் அன்று நீங்கள் நல்ல பிள்ளையாக நடந்துகொள்வீர்கள், அவன் பார்த்தது வீணாகிவிடும். “மத்தவங்க என்ன பண்றாங்கன்னு பாரு” என்றால் அவன் உங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, கண்டதைச் சொன்னால் போதும். தயக்கம் பாதி குறைந்துவிடும். கடைசியில் யோசனை கேட்டதும் காரணத்தோடுதான். கருத்துச் சொல் என்றால் மனிதர்கள் நடந்து முடிந்ததற்கு மார்க் போடுகிறார்கள். யோசனை சொல் என்றால் அடுத்த முறை என்ன செய்யலாம் என்று யோசிக்கிறார்கள், பேச்சும் திட்டவட்டமாக வருகிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது யோசனை கேட்டவர்களுக்குத்தான் பயன்படும் பதில்கள் அதிகம் கிடைத்தன.

அப்ரைசலில் மேலாளர் எழுதியதை அவனிடம் முதலிலேயே சொல்லலாமா? வேண்டாம் என்பேன். சொன்னால் அவன் உங்கள் பக்கம் சேர்ந்துகொள்வான். “உன் பாஸுக்கு என்னடா தெரியும்” என்று தொடங்கிவிட்டால் அன்றைய வேலை அதோடு முடிந்தது. இல்லாவிட்டால் அந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அதை மட்டுமே தேடுவான். அவனாகவே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தால்தான் அது சாட்சி. அவன் எல்லாம் சொல்லி முடித்த பிறகு காட்டுங்கள், அப்போது அவனுக்கே இன்னும் இரண்டு விஷயம் நினைவுக்கு வரும்.

சந்திக்கும் இடத்தைப் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். உணவங்காடி நிலையத்தில் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தால், அவன் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்று அவனுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். முகம் சுருங்கியதும் அவன் சொல்ல வந்ததைச் சுருக்கிவிடுவான். பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் இந்தத் தொல்லை இல்லை. பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி வந்தால் ஏறத்தாழ 4.3 கிலோமீட்டர், மெதுவாக நடந்தாலும் ஒரு மணி நேரம்தான் ஆகும். பேச்சுக்கு ஒரு முடிவும் இருக்கிறது, சுற்று முடிந்தால் பேச்சும் முடியும். அவன் பிள்ளைகளோடு வரும் ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம், பீர் குடிக்கும் வெள்ளிக்கிழமை இரவும் வேண்டாம். குரல் செய்தியாக அனுப்பச் சொல்வதும் வேண்டாம். பதினோரு மணிக்குத் தூக்கம் வராமல் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பீர்கள்.

இப்போது நடையில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். பொங்கல் நிகழ்ச்சிக்கான கூட்டத்தை அவன் கவனித்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் நல்லதாகச் சொல்வான். நீங்கள் எல்லாவற்றையும் திட்டமிட்டு வைத்திருந்தீர்கள், நேரத்துக்கு முடித்தீர்கள் என்று. அவசரப்படுத்தாமல் கேளுங்கள், அதுவும் தகவல்தான். அப்புறம் வரும்:

“கொஞ்சம் அதிகாரமா இருந்த மாதிரி இருந்துச்சு மச்சான்.”

இந்த வரிதான் கத்தி முனை. “அதிகாரமா” என்பது அவன் பார்த்தது அல்ல, பார்த்ததிலிருந்து அவன் எடுத்த முடிவு. அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் நீங்கள் அதிகாரம் செய்பவரா இல்லையா என்ற வாதமாகிவிடும், அதில் யாரும் ஜெயிக்க மாட்டார்கள். முத்திரையைத் தள்ளி வைத்துவிட்டு அடியில் இருக்கும் காட்சியைக் கேளுங்கள். “எந்த இடத்துல? வீடியோ எடுத்திருந்தா அதுல என்ன தெரிஞ்சிருக்கும்?” இப்படிக் கேட்டால் பெரும்பாலும் சட்டென்று வந்துவிடும்:

“கூடாரத்துக்கு எவ்வளவு ஆகும்னு அக்காகிட்ட கேட்டல்ல? அவங்க ஃபைலப் புரட்டிக்கிட்டு இருந்தாங்க. நீயே, ‘போன வருஷத்த விட ஒரு முந்நூறு கூட வரும்’னு சொல்லிட்டு, ‘சரிதானே?’ன்னு கேட்ட. அவங்க ஃபைல மூடிட்டாங்க. எல்லார்கிட்டயும் இதே மாதிரிதான். கேள்வி நீ கேக்கற, பதிலும் நீயே சொல்லிட்டு, சரிதானேங்கற. இல்லன்னு யாருடா சொல்லுவாங்க?”

பொருளாளர் அக்கா ஃபைலை மூடியது உங்களுக்கு நினைவிருக்காது. நேரம் மிச்சமானதுதான் நினைவிருக்கும். நீங்கள் கேள்வியில் எழுதியதும் மேலாளர் எழுதியதும் இந்த ஓர் இடத்தில் ஒன்று சேர்கின்றன பாருங்கள். நீங்கள் எல்லாரையும் கேட்கிறீர்கள், அது உண்மை. யாருக்கும் பேச இடம் கிடைப்பதில்லை, அதுவும் உண்மை.

அவன் இதைச் சொல்லும் அந்த அரை நிமிடத்தில் உங்கள் வாயில் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். “மண்டபத்த ஒன்பதரைக்குக் காலி பண்ணணும்டா, அதான்…” என்று. விளக்கம் நியாயமானதாகவே இருக்கும். இருந்தாலும் சொல்லாதீர்கள். சொன்ன உடனே அவன், “ஆமா ஆமா, அது சரி” என்று பின்வாங்குவான். அதற்கப்புறம் எதையும் சொல்ல மாட்டான், அடுத்த வருடமும் சொல்ல மாட்டான். உங்களிடம் ஒன்று சொன்னால் பதிலுக்கு ஒரு வழக்கு நடத்த வேண்டியிருக்கும் என்று அவனுக்குப் புரிந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்கு உங்கள் வாயிலிருந்து மூன்று விதமான பேச்சு மட்டும் வரட்டும்: “எப்ப?”, “அப்புறம் என்ன ஆச்சு?”, “வேற?” இந்த மூன்றாவதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நடக்க வேண்டும். முதலில் சொல்வது சொன்னால் பரவாயில்லை என்று அவன் நினைத்தது. நிஜமாகச் சொல்ல நினைத்தது பெரும்பாலும் “வேற?”வுக்குப் பிறகு வரும் மௌனத்தில்தான் வெளியே வரும்.

எதிர்ப்பக்கமாகச் சாய்வதும் இதே அளவுக்குக் கெடுக்கும். “ஐயோ, நான் அவ்வளவு மோசமானவனாடா” என்று நீங்கள் உடைந்துபோனால், அவன் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உங்களைத் தேற்ற ஆரம்பித்துவிடுவான். கடைசியில் அவன் சொன்னதெல்லாம் பொய் என்று அவனே சொல்லி முடிப்பான். இதற்கு ஆய்விலும் ஆதாரம் உண்டு. குளூகர், டெனிசி இருவரும் இது தொடர்பான பழைய ஆய்வுகளை எல்லாம் 1996இல் ஒன்று சேர்த்துப் பார்த்தபோது, பின்னூட்டம் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான சந்தர்ப்பங்களில் வேலை முன்னைவிட மோசமாகியிருந்தது. செய்யும் வேலையிலிருந்து கவனம் விலகி “நான் எப்படிப்பட்டவன்” என்ற கேள்விக்குத் தாவினால் பலன் குறையும் என்பது அவர்கள் தந்த விளக்கம். “நான் அதிகாரக்காரனா?” என்று இரவெல்லாம் புரளுவது எதையும் மாற்றாது. “கேள்வி கேட்ட பிறகு நான் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறேன்?” என்பதில் கை வைக்க முடியும்.

கோபம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். காது சூடாகும், நடை வேகமாகும். அவன் மூச்சு வாங்கினால் அதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். அந்த நேரத்தில் சொல்ல ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: “கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா நீ சொல்லு.” கோபத்தை மறைக்கத் தேவையில்லை, அவனுக்கு எப்படியும் தெரியும். அது அவன் மேல் இல்லை என்று தெரிந்தால் போதும். பிறகு அவன் சொன்னதை அவனுடைய சொற்களிலேயே ஃபோனில் இரண்டு வரி குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு நாள் கழித்து “நான் பேசவே கூடாது என்றான்” என்று உங்கள் நினைவு அதைத் திரித்து வைத்திருக்கும். குறிப்பில் “ஃபைல மூடிட்டாங்க” என்று மட்டும் இருக்கும்.

அப்படியும் அடக்க முடியாமல் ஏதாவது சொல்லிவிட்டால், அன்றைக்கே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: “காலைல நான் கொஞ்சம் எகிறிட்டேன். நீ சொன்னது எனக்கு வேண்டியதுதான். சொன்னதுக்கு நன்றி.” இவ்வளவு போதும், நீளமான மன்னிப்பு வேண்டாம். இன்னொன்று, அன்றைக்குப் பதிலுக்கு அவனைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். “உங்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்” என்று தொடங்கினால், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு சொன்னாலும் பழிக்குப் பழியாகத்தான் கேட்கும்.

இரண்டு நாள் கழித்துக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். அவன் பார்த்தது எது, அவன் ஊகித்தது எது என்று பிரியுங்கள். அக்கா ஃபைலை மூடியது பார்த்தது. “உனக்கு மத்தவங்க மேல நம்பிக்கை இல்ல” என்றும் சொல்லியிருந்தால் அது ஊகம். அதை ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம், ஓரமாக வையுங்கள். அவன் பார்த்தது அலுவலகத்திலும் நடக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. இதை நீங்களே சரிபார்க்கலாம். அடுத்த குழுக் கூட்டத்தில் நிரல் தாளின் ஓரத்தில், ஒவ்வொரு முறை நீங்கள் கேள்வி கேட்கும்போதும் ஒரு கோடு போடுங்கள். அடுத்து வாய் திறந்தது மறுபடியும் நீங்களே என்றால் அந்தக் கோட்டை வெட்டிவிடுங்கள். முடிவில் வெட்டிய கோடுகள் பாதிக்கு மேல் இருந்தால் நண்பன் பார்த்தது இங்கேயும் நடக்கிறது. யாருக்கும் தெரியாமல் கூட்டத்தை ஒலிப்பதிவு செய்யும் யோசனை வந்தால் கைவிடுங்கள். தெரிந்துவிட்டால், பேசவே இடமில்லை என்று நினைத்தவர்கள் அதன் பிறகு உங்கள் முன்னால் இருமக்கூட மாட்டார்கள்.

இது ஏன் நடக்கிறது என்பதற்குச் சிங்கப்பூரில் ஒரு தனிக் காரணமும் சேர்ந்துகொள்ளலாம். மனிதர்கள் பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி வியக்கும் அளவுக்குச் சின்னது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வந்த ஆய்வில் அது சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. மொழிக்கு மொழி கொஞ்சம் கூடக் குறைய இருந்தது. நம் வீட்டுப் பேச்சை நினைத்துப் பாருங்கள். தீபாவளிக்கு எல்லாரும் கூடினால் ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடிப்பதுதான் கலகலப்பு, குறுக்கே பேசாமல் இருந்தால்தான் “என்ன, உடம்பு சரியில்லையா?” என்பார்கள். அதே பழக்கத்தை, இரண்டாம் மொழியான ஆங்கிலத்தில் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டிருக்கும் ஒருவரோடு பேசும்போது கொண்டுபோனால், அவர் வாயைத் திறப்பதற்குள் இடம் போய்விடும். அவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ தஞ்சாவூரிலிருந்து போன மாதம் வந்த தம்பியாகவோ இருக்கலாம். இனத்தைவிட, எந்த மொழியில் யோசிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் விஷயம். உங்கள் நண்பனும் நம் வீட்டுப் பேச்சில் வளர்ந்தவன்தானே. அவனுக்கே அக்கா ஃபைலை மூடியது உறுத்தியது என்றால், அலுவலகத்தில் இன்னும் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று: கேள்வி கேட்ட பிறகு மூன்று விநாடி சும்மா இருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசத் தொடங்கினார்கள். மூன்று விநாடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், கூட்டத்தில் அது ஒரு யுகம். மேசைக்கு அடியில் விரலால் எண்ணுங்கள். “சரிதானே?”யை அறவே விட்டுவிடுங்கள். உங்கள் மதிப்பீட்டை முதலில் சொல்லாமல் கடைசியில் சொல்லுங்கள். முதல் இரண்டு கூட்டங்களில் யாரும் பேசாமல் எல்லாரும் உங்களையே பார்ப்பார்கள், நீங்களே பதில் சொல்வீர்கள் என்று பழகியிருக்கிறார்கள். அங்கே மனம் தளர்ந்து பழையபடி நிரப்பிவிடாதீர்கள். “நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் காத்திருக்கேன்” என்றால் போதும்.

நான்கு வாரம் போனதும் நண்பனிடம் மறுபடி போங்கள். இம்முறை “இப்ப எப்படிடா இருக்கேன்?” என்று கேட்க வேண்டாம். “நேத்து கூட்டத்துல கேள்வி கேட்டுட்டு நானே பதில் சொன்னேனா? எத்தனை தடவை?” என்று கேளுங்கள். நீங்கள் திரும்பி வந்து கேட்டதிலேயே, முதலில் சொன்னது வீண்போகவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு நீங்கள் கேட்காமலேயே சில விஷயங்களைச் சொல்வான்.

அவன் கடைசிவரை “ஒண்ணுமே இல்லடா, எல்லாம் ஓகே லா” என்றே சொன்னால்? இரண்டு தடவைக்கு மேல் வற்புறுத்தாதீர்கள். அவனுக்கு அது முடியவில்லை, நட்புக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை. குழுவில் உங்களைவிட மூத்தவராக, உங்களிடம் எந்தக் காரியமும் ஆக வேண்டியிராத ஒருவர் இருப்பார். ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவரோ, அந்தப் பொருளாளர் அக்காவேகூடவோ இருக்கலாம். “அக்கா, நான் கேள்வி கேட்டா பதில் சொல்ல நேரம் தர்றேனா, இல்ல நானே பேசிடறேனா?” என்று கேட்டால் அக்கா சொல்லிவிடுவார். அவருக்கு நேரடியாக நடந்ததுதானே. அதற்காக ஐந்தாறு பேரிடம் போக வேண்டாம். எல்லாரையும் சுற்றி வந்தால் கடைசியில் பிடித்த பதிலைச் சொன்னவரோடு நின்றுவிடுவோம், தவிர நீங்கள் ஏதோ சிக்கலில் இருப்பதாகவும் பேச்சுக் கிளம்பும்.

அவன் சொன்னதும் மேலாளர் எழுதியதும் ஒத்துப்போகாமலும் இருக்கலாம். அலுவலகத்தில் போட்ட கோடுகளில் வெட்டியவை ஒன்றிரண்டுதான் என்றால், நற்பணிக் குழுவில் நடப்பது அங்கே நடக்கவில்லை, மேலாளர் வேறு எதையோ பார்த்திருக்கிறார். அப்போது அவரிடமே போய் ஒரு சம்பவத்தைக் கேட்க வேண்டியதுதான்: “நீங்கள் எழுதியதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அண்மையில் எந்தக் கூட்டத்தில் அப்படித் தோன்றியது என்று ஒன்றைச் சொன்னால், அதிலிருந்து தொடங்குவேன்.” எந்தக் காரணத்துக்காகவும் “என் நண்பனிடம் கேட்டேன், அவன் அப்படி இல்லை என்கிறான்” என்று அங்கே சொல்லாதீர்கள். அவன் உங்களுக்காகச் சொன்னதை மேலாளருக்கு எதிரான சாட்சியாக்கினால், மேலாளரும் நம்ப மாட்டார், நண்பனுக்குத் தெரிந்தால் அவனும் இனிப் பேச மாட்டான்.